வயிற்றுக்குள் முதல் அசைவு

கருவில் இருக்கும் குழந்தை, தாய் அறிவதற்கு வெகுநாள் முன்பே அசையத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் 8ஆவது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனிலேயே அதன் உடல் லேசாக நெளிவதைப் பார்க்க முடியும். 12ஆவது வாரத்தில் கையையும் காலையும் நீட்டி மடக்குகிறது, சட்டென்று துள்ளுகிறது. ஆனால் அப்போது தாய்க்கு எதுவும் தெரிவதில்லை. அவள் முதன்முதலாக உணரும் அசைவு குழந்தையின் முதல் அசைவு அன்று. அவளை எட்டும் அளவுக்குப் பலம் பெற்ற முதல் அசைவு.

இடையில் இத்தனை வாரங்கள் கழிவதற்குக் காரணம் உண்டு. 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குழந்தையும் மிகச் சிறியது, அதைச் சுற்றிப் பனிக்குட நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீருக்குள் ஒரு பிஞ்சுக் கால் உதைத்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். 16 வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பை மேலெழுந்து அடிவயிற்றின் முன்சுவரை ஒட்டி வருகிறது. 20ஆவது வாரத்தில் அதன் உச்சி ஏறத்தாழத் தொப்புள் வரை எட்டிவிடும், குழந்தையின் எடையும் சுமார் 300 கிராம் ஆகிவிடும். அசைவு தாய்க்குப் புலப்படத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

அந்த உணர்வை உதை என்று எதிர்பார்ப்பதால்தான் பல பெண்கள் அதைத் தவறவிடுகிறார்கள். முதலில் வருவது உதையே அல்ல. தண்ணீருக்குள் குமிழி உடைவது போல, சின்ன மீன் வாலை ஆட்டித் திரும்புவது போல, உள்ளிருந்து யாரோ விரல் நுனியால் ஒருமுறை தட்டியது போல என்றெல்லாம் பெண்கள் சொல்வதுண்டு. கண்ணிமை துடிப்பதைப் போலத் தோலுக்கடியில் ஒரு சிறு துடிப்பு என்பவர்களும் உண்டு. ஓரிரு நொடியில் முடிந்துவிடும், வலி இருக்காது. கை வைத்துப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கணவரின் கைக்கோ மாமியாரின் கைக்கோ அது எட்டுவதற்குப் பொதுவாக மேலும் சில வாரங்கள் ஆகும்.

இதை வாய்வு என்று நினைத்து விட்டுவிடுவது தலைப்பிரசவத்தில் மிகச் சாதாரணம். கர்ப்ப காலத்தில் செரிமானம் மந்தப்பட்டு வாய்வுத் தொல்லை கூடியிருப்பதால் அந்தக் குழப்பம் நியாயமானதும்கூட. பிரித்தறிய இடம் உதவும். 18 வாரத்தில் கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே குழந்தையின் அசைவும் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில்தான் தெரியும். மேல் வயிற்றிலோ விலாவை ஒட்டியோ உருண்டால் அது குடல்தான். வாய்வு இரைச்சலோடு இடம் மாறி ஓடும், பிரிந்ததும் அடங்கிவிடும். குழந்தையின் அசைவு சொல்லாமல் வந்து நின்று, பிறகு ஏறக்குறைய அதே பகுதியில் மறுபடி வரும். இன்னொரு குழப்பமும் உண்டு. மல்லாந்து படுத்திருக்கும்போது தொப்புள் பக்கம் சீரான தாளத்தில் துடிப்பது தெரிந்தால், அது பெரும்பாலும் தாயின் சொந்த ரத்தக்குழாய்த் துடிப்பு. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகப் போவது தெரியும். குழந்தையின் அசைவுக்கு அப்படித் தாளம் இருக்காது.

தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்கள் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் இதை உணர்கிறார்கள். முன்பே பெற்றவர்கள் 16ஆவது வாரத்திலேயே கண்டுகொள்வதுண்டு. இரண்டாம் குழந்தை முன்னதாக அசைகிறது என்பதல்ல காரணம். அந்த உணர்வு எப்படி இருக்கும் என்பது தாய்க்கு முன்பே தெரியும், அவ்வளவுதான். ‘அஞ்சாம் மாசத்துல பிள்ளை அசையும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. 18ஆவது வாரம் என்பது நான்கு மாதம் முடிந்து ஐந்தாம் மாதம் தொடங்கியிருக்கும் நேரம். கருத்தரித்த நாளிலிருந்து அல்லாமல், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ண வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதில் பிசகினால் இரண்டு வாரம் வித்தியாசம் வந்து, வீண் கவலையில் கொண்டுபோய் விடும்.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் இது தெளிவாகும். முதல்முறை கருவுற்ற ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு ஜூன் 1ஆம் தேதி வந்தது என்று கொள்வோம். அவளுக்கு 18 வாரம் நிறைவது அக்டோபர் 5ஆம் தேதி, 20 வாரம் நிறைவது அக்டோபர் 19ஆம் தேதி. அக்டோபர் 12ஆம் தேதி ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கிறார்கள். திரையில் குழந்தை புரண்டு கை வீசுகிறது. அவளுக்கோ உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. இதில் வினோதம் எதுவும் இல்லை, ஸ்கேனில் தெரியும் அசைவுகளில் பலவற்றைத் தாய் உணர்வதில்லை. அறிக்கையில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். அது நோயோ குறையோ அல்ல. குழந்தைக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் தடித்த மெத்தை ஒன்று இருப்பதைப் போல, ஆரம்ப அசைவுகளை அது தாங்கிக்கொள்கிறது. 20 வாரம் கடந்து, அக்டோபர் 29ஆம் தேதி இரவு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, இடுப்பின் ஓரமாக இரண்டு முறை ஏதோ தட்டுகிறது. அப்போது அவளுக்கு 21 வாரமும் 3 நாளும். மறுநாள் முழுக்க ஒன்றும் இல்லை. அதற்கடுத்த இரவு மறுபடி வருகிறது. இப்படிப்பட்ட தாமதமும், தொடக்கத்தில் விட்டுவிட்டு வருவதும் இயல்புதான்.

அது இரவில் வந்ததும் தற்செயல் அல்ல. நடமாட்டத்திலும் வேலையிலும் மூழ்கியிருக்கும் உடல் இத்தனை மெல்லிய உணர்வைக் கவனிப்பதில்லை. வேலையெல்லாம் ஓய்ந்து படுக்கும்போதுதான் அது எட்டுகிறது. குழந்தைக்கும் வயிற்றுக்குள் உறங்கும் நேரம் உண்டு, அப்போது அது அசையாது. அதனால் 18, 19 வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அசைவு என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சீரான வழக்கம் என்று சொல்லும்படியான ஒன்று ஏறத்தாழ 28ஆவது வாரத்தில்தான் அமைகிறது.

ஆனால் காத்திருப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 24 வாரம் நிறைந்த பிறகும் ஒருமுறைகூட அசைவு தெரியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் அந்த நாள் நவம்பர் 16ஆம் தேதி. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுப் பார்ப்பார்கள், தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலும் நாள்கணக்குப் பிழையோ, முன்பக்க நஞ்சுக்கொடியோதான் காரணமாக இருக்கும். அரிதாகக் குழந்தைக்கே கோளாறு இருக்கலாம் என்பதால் அதை ஊகத்துக்கு விடக் கூடாது. ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ இருந்தால் எந்த வாரமானாலும் உடனே போக வேண்டும்.

28 வாரத்துக்குப் பிறகு நிலைமை வேறு. வழக்கமாகத் தெரிந்துவந்த அசைவு குறைந்தாலோ நின்றாலோ, பழச்சாறு குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. ‘மாதம் ஏற ஏற இடம் போதாமல் பிள்ளை அசைவது குறையும்’ என்று சொல்வது தவறு. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையாது. குறைவதாகத் தோன்றினால் நள்ளிரவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.