‘சகல காரியங்களும்’ என்றால் எதெல்லாம்?

பவர் பத்திரம் கைக்கு வந்ததும் பலரும் முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். படிக்க வேண்டியது நடுப்பக்கங்கள். ஏஜெண்ட் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதியிருக்கும் இடம் அதுதான்.

அந்த வரிசையின் முடிவில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: ‘நான் நேரில் இருந்து செய்யக்கூடிய சகல காரியங்களையும் செய்யவும்.’ இதைப் படித்ததும் எல்லா அதிகாரமும் வந்துவிட்டதாகத் தோன்றும். நீதிமன்றங்கள் அப்படிப் படிப்பதில்லை. மேலே பெயர் சொல்லிக் கொடுத்த வேலைகளை முடிக்கத் தேவையான காரியங்கள் என்ற அளவில்தான் அதற்குப் பொருள். புது அதிகாரம் எதையும் அது தராது.

கேரளத்தில் 1971-இல் ஒரு பெண் தன் சகோதரிக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். 1985-இல் அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்தில் சகோதரி சொத்தைப் பிறருக்குக் கிரையம் செய்துவிட்டிருந்தார். பத்திரத்தில் குத்தகைக்கு விடலாம் என்று இருந்தது, கடனுக்கு ஈடாக வைக்கலாம் என்றும் இருந்தது. விற்கலாம் என்று மட்டும் இல்லை. ஈடு வைக்கும் அதிகாரம் உள்ளவருக்கு விற்கும் அதிகாரமும் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ள முடியாது என 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கியவர்களுக்கு, பவர் கொடுத்த பெண்ணின் பங்கு சேரவில்லை.

ஆகவே நிலம் வாங்குபவர் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகத் தேட வேண்டும். கிரையப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம், அதைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்யும் அதிகாரம், எழுதிக் கொடுத்ததை அவர் முன் ஒப்புக்கொள்ளும் அதிகாரம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் இந்த மூன்றும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது. ‘பட்டா மாற்ற, வரி கட்ட, வழக்கு நடத்த’ என்று இரண்டு பக்கம் நீண்டாலும், அது பராமரிப்புக்கான பவர்தான். கிரையத் தொகையை ஏஜெண்ட் கையில் வாங்கலாமா என்பதையும் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்புவது நல்லது.

பிறகு சொத்து விவரம். சர்வே எண்ணில் உள்ள ஐந்து சென்ட்டில் தென்புறம் மூன்று சென்ட் என்று எழுதியிருந்தால், வடபுற இரண்டு சென்ட்டில் அந்த ஏஜெண்டுக்கு எந்த வேலையும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பத்திரம் வெறும் காகிதமாகிவிடக்கூடும். ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை உண்டாக்கி எழுதிய பவர் தவிர, மற்றவை எழுதிக் கொடுத்தவர் இறந்தால் முடிந்துபோகும். அவர் இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்பது பத்திரத்தைப் பார்த்தால் தெரியாது. முன்பணம் கொடுக்கும் நாளன்று புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். சொந்தக்காரரிடமும் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பேசிவிடுங்கள். ‘அவர் ஊரில் இல்லை, நான்தானே பவர் ஏஜெண்ட்’ என்று தடுத்தால், அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.