ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள், மருந்து தரவில்லையே?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் 71 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 38,000. வழக்கமாக 11,000க்குள் இருக்க வேண்டியவை. காய்ச்சலும் இல்லை, உடம்பும் மெலியவில்லை. மதுரையில் செய்த ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையில் சி.எல்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உறுதியாகிறது. மருத்துவரோ, "இப்போதைக்கு மருந்து வேண்டாம்மா, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். வயதானவர் என்று கைவிட்டுவிட்டார்களோ என வீட்டார் கலங்குகிறார்கள்.

கைவிடவில்லை.

முந்திக்கொண்டால் என்ன லாபம்?

அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப நிலையிலேயே குளோராம்பூசில் மாத்திரை தந்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 1998-ல் வெளியானது. நோய் வளர்வது தாமதப்பட்டது, ஆயுள் கூடவில்லை. பிறகு வந்த இப்ருடினிப் என்ற நவீன மாத்திரையை ஜெர்மானிய ஆய்வுக்குழு ஆரம்ப நிலையில் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். ரத்தக்கசிவு, இதயத்துடிப்புக் கோளாறு போன்ற தொல்லைகள்தான் கூடின. இந்த நோய் பலருக்கு ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே நகர்கிறது. சிலருக்குக் கடைசிவரை சிகிச்சையே தேவைப்படுவதில்லை.

எதைப் பார்த்து மருந்து தொடங்குவார்கள்?

வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அல்ல. அந்த அம்மாவுக்கு 38,000 ஓராண்டில் 44,000 ஆனால் கவலையில்லை. நிணநீர் அணுக்கள் ஆறே மாதத்தில் இரட்டித்தால் கவனிக்க வேண்டும். மண்ணீரலோ நெறிக்கட்டிகளோ மிகப் பெரிதாவது, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைவது, இரவில் துணி நனைய வியர்ப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது, இவையும் அறிகுறிகள்.

முக்கியமானது ஹீமோகுளோபின். எலும்பு மஜ்ஜையை நோய் அடைத்துக்கொண்டு அது 10க்குக் கீழே போனால் சிகிச்சை தொடங்கும். ஆனால் இங்கேதான் தவறு நேர்கிறது. தோட்ட வேலை பார்த்தவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் கொக்கிப்புழுவும்கூட ரத்தத்தைக் குறைக்கும். சொந்த உடம்பே சிவப்பணுக்களை அழிக்கும் கோளாறும் இந்த நோயோடு வரலாம். அதற்கு வைத்தியம் வேறு. எதனால் குறைந்தது என்று பார்க்காமல் கீமோ தொடங்குவது சரியல்ல.

மருந்தில்லாத நாட்களின் ஆபத்து

அது கிருமித்தொற்று. அணுக்கள் ஏராளம் இருந்தும் எதிர்ப்புச் சக்தி குறைவு. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி மட்டும் கூடாது. மழைக்காலத்தில் மலைத் தோட்டத்தில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்கி வந்தால் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சி.எல்.எல். உள்ளவர்களுக்கு அது போதாது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். கண்ணருகே வந்திருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.