தக்காளி விதையைச் சேமிக்கலாமா?

கார்வேட்டிநகரத்தில் தக்காளி பயிரிடும் வாடிக்கையாளர்கள், விதைச் செலவைக் குறைக்க வழியுண்டா என்று நம்மிடம் கேட்பதுண்டு. விதைப் பொட்டலத்தில் ‘எஃப் 1’ என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் அத்தகையது. இலைச்சுருள் உள்ளிட்ட மூன்று நோய்களைத் தாங்குவது. அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் பெற்றோர் குணங்கள் பிரிந்துவிடும். பெற்றோருள் ஒன்றிடமிருந்து மட்டும் வந்த ஓங்கு மரபணுவால் அமைந்த எதிர்ப்பாற்றலை, அடுத்த தலைமுறையில் ஆயிரம் செடிகளுள் ஏறத்தாழ 250 இழந்து நிற்கும். நாற்றங்காலில் இது கண்ணுக்குத் தெரியாது. உரமிட்டு, குச்சி நட்டுக் கட்டிய பின்னரே, நோய் பரவும்போது புலப்படும். கடன் தொகையோ அதற்குள் நிலத்தில் இறங்கியிருக்கும்.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 அவ்வாறன்று. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், இந்த ரகம் அடுத்த பருவத்திலும் தாயை ஒத்தே விளையும். நோயற்ற செடிகளின் நன்கு கனிந்த பழங்களைப் பிசைந்து, கூழை ஓரிரு நாள் புளிக்கவிட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஆயினும் இலைச்சுருள் ஆண்டுதோறும் தாக்கும் நிலத்தில், இந்தச் சிக்கனத்தை நாம் பரிந்துரைப்பதில்லை.