24 காரட் வளையல் ஏன் சட்டென்று நெளிகிறது?

நகைக்கடையில் போய் "சுத்தத் தங்கத்திலேயே செஞ்சு கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் 22 காரட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். காரணம், 24 காரட்டில் செய்த மெல்லிய வளையல் கதவில் இடித்தாலே நெளிந்துவிடும். கொஞ்சம் செம்பு சேர்த்தால் அதே தங்கம் விறைப்பாகிவிடுகிறது. செம்பும் மிருதுவான உலோகம்தானே, பிறகு எப்படி?

தங்கத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக, ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. உலோகம் வளைகிறது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்குகிறது என்று அர்த்தம். முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு குறைந்த விசையிலேயே உலோகங்கள் வளைந்தன. 1934-ல் டெய்லர், ஓரோவான், போலானி மூவரும் தனித்தனியாக இதற்குக் காரணம் சொன்னார்கள். அணு அடுக்கில் பாதியிலேயே நின்றுபோகும் வரிசைகள் உண்டு. அந்தக் குறைக்குப் பெயர் 'டிஸ்லொகேஷன்'.

கல்யாண மண்டபத்தில் விரிக்கும் பெரிய ஜமுக்காளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் லேசில் நகராது. ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மட்டும் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். டிஸ்லொகேஷன் அந்த மடிப்பு மாதிரிதான். சுத்தத் தங்கத்தில் அது தடையில்லாமல் ஓடுகிறது.

இப்போது செம்பு வருகிறது. செம்பு அணு, தங்க அணுவைவிடச் சுமார் 11 சதவிகிதம் சிறியது. டிஸ்லொகேஷனைச் சுற்றி ஒரு பக்கம் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டும், மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். நெரிசலான பக்கத்தில் சின்ன செம்பு அணு வசதியாகப் பொருந்திவிடுவதால், மடிப்பு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டும். அதைத்தான் நாம் 'கெட்டி' என்கிறோம்.

8.4 சதவிகிதம்தான் கலப்பு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அது எடைக்கணக்கு. செம்பு அணு லேசானது என்பதால், கலப்பு முழுக்கச் செம்பாக இருந்தால் 100 அணுக்களில் ஏறக்குறைய 22 செம்பாக இருக்கும்!

வெள்ளி சேர்த்தால்? அதன் அணு கிட்டத்தட்ட தங்கத்தின் அளவேதான். அதனால் மடிப்பைப் பெரிதாகத் தடுக்காது, நகை அந்த அளவுக்குக் கெட்டிப்படாது. கலப்பு என்றாலே கெட்டி என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான். வெள்ளியை முக்கியமாக நிறத்துக்காகச் சேர்க்கிறார்கள். செம்பு மட்டும் என்றால் நகை சிவந்துபோகும்.

இன்னொரு தடையும் உண்டு. தங்கம் ஒரே படிகம் அல்ல, குட்டிக் குட்டிப் படிக மணிகளின் கூட்டம். ஒவ்வொரு மணியிலும் அணு வரிசைகள் வேறு வேறு திசையில் இருப்பதால், மணி எல்லைக்கு வந்த டிஸ்லொகேஷன் வழி தெரியாமல் முட்டி நிற்கிறது. மணிகள் சிறிதாக இருந்தால் எல்லைகள் அதிகம், கெட்டியும் அதிகம்.

பட்டறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பியை இழுக்க இழுக்க உள்ளே டிஸ்லொகேஷன்கள் பெருகிச் சிக்கிக்கொள்ளும், கம்பி விறைக்கும். ஆசாரி அதை நெருப்பில் காட்டுவார். புது மணிகள் உருவாகி, கம்பி மறுபடி இளகும். சூடு மிஞ்சினால் மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட தகட்டை வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். மெருகு போட்டால் சொரசொரப்பு மறையலாம், உள்ளே பெருத்த மணிகள் அப்படியேதான் இருக்கும். அவற்றைச் சிறிதாக்க, தகட்டை மறுபடி நன்றாகத் தட்டி, இந்த முறை அளவாகக் காய்ச்ச வேண்டும். இல்லையென்றால் உருக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.