வணக்கங்க, அப்புறம்?

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தியை ஒருமுறை எழுதி வைத்தால் போதும். முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் அது தானாகப் போய்விடும். சிக்கலும் அங்கேதான்.

ஒரு சேலைக்கடையை எடுத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு ஒருவர் விலை கேட்கிறார். “வணக்கங்க! உடனே பதில் சொல்றோம்” என்று கடை குழைகிறது. மறுநாள் மதியம் ஊழியர் வந்து, “அட்ரஸ் அனுப்பு” என்கிறார். வாக்கும் போச்சு, மரியாதையும் போச்சு.

கடை மூடியிருக்கும் நேரத்துக்கென்றே தனிச் செய்தி வைக்கலாம்: “கடை காலை 10 மணிக்குத் திறக்கும்ங்க. 11 மணிக்குள் விலை சொல்றோம்.” ஊழியர் அடிக்கடி அனுப்பும் பதில்களையும் இதே நடையில் எழுதிச் சேமித்தால், ‘/’ தட்டி எடுத்துக்கொள்வார்.

ஆர்டர் உறுதியானால் ஒரு கைகூப்பும் இமோஜி அழகு. “சாயம் போகுது” என்பவருக்குச் சிரிப்பு இமோஜியா? வேண்டவே வேண்டாம், முதலில் படம் கேளுங்கள்.