எதிர்க்கடைப் பாட்டுக்கு உங்கள் வீடியோவில் கிளைம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருவில், பித்தளைப் பாத்திரம் விற்கும் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வீடியோ 12 நிமிடம். பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசும் விதத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்ச்சாரி டீக்கடையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. படம் எடுப்பவர் காதில் அது விழவே இல்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டாலும் பைக் ஹாரனுக்கும் பேச்சுக்கும் அடியில் மங்கலாகத்தான் கேட்கிறது. ஆனால் யூடியூபில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில், 4:10 முதல் 4:52 வரை இன்ன பாட்டு, இன்ன கம்பெனிக்குச் சொந்தம் என்று காப்பிரைட் கிளைம் வந்து நிற்கிறது.

கண்டுபிடிப்பது கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு. யூடியூப் இதை 2007இல் கொண்டுவந்தது. இசைக் கம்பெனிகள் தங்கள் பதிவுகளை இதில் கொடுத்து வைக்கின்றன. புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியும் அந்தக் கிடங்கோடு ஒப்பிடப்படுகிறது. ஒலியை அடையாளம் காணும் இத்தகைய கருவிகள் பாட்டை மனிதரைப் போல் முழுசாகக் கேட்பதில்லை. எந்த நொடியில் எந்த அலைவரிசை தூக்கலாக இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளின் அமைப்பைத்தான் தேடுகின்றன. பேச்சு எல்லாப் புள்ளிகளையும் மூடிவிடாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில், மூச்சு வாங்கும் இடைவெளியில், பாட்டின் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். நம் காது தள்ளிவிடும் பாட்டு கருவியிடம் சிக்குவது இப்படித்தான். எடிட்டிங்கில் மொத்த சத்தத்தைக் குறைப்பதால் பயனில்லை, பேச்சும் பாட்டும் ஒரே அளவில்தானே குறைகின்றன. பத்து நொடிக்குள் இருந்தால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி ஒரு விதி கிடையாது. ‘உரிமை மீறும் எண்ணமில்லை’ என்று வீடியோவுக்குக் கீழே எழுதி வைப்பதும் உதவாது.

இது பொய்க் கிளைமா? அங்கே அந்தப் பாட்டு ஓடியது உண்மை. அந்த அளவில் கருவி சொல்வது சரி. தெருவில் தற்செயலாகக் காதில் விழுந்த பாட்டுக்காக ஒருவர் உழைப்பின் வருமானம் இன்னொருவருக்குப் போகலாமா என்பதுதான் சண்டை. யூடியூபே இதை ஓரளவு ஏற்றுக்கொண்டது. கடையில் ஓடும் பாட்டைக் கடந்து நடக்கும்போது பதிவாவது போன்ற தற்செயலான இசைக்கும், மிகச் சிறிய துண்டுக்கும், உரிமையாளர்கள் கையால் கிளைம் போட்டு அந்த வீடியோவின் வருமானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2019 ஆகஸ்டில் அறிவித்தது. நியாயமான விதி. ஆனால் அது மனிதர் கையால் போடும் கிளைமை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. கன்டென்ட் ஐடி தானாகப் போடும் கிளைமுக்குப் பொருந்தாது. கையால் போடுபவர்கூட வருமானத்தை எடுக்க முடியாதே தவிர, வீடியோவை முடக்கலாம், யாருக்கும் வருமானம் வராதபடி செய்யலாம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆவது பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. படத்தின் பின்னணியில் தற்செயலாக இடம்பெறும் படைப்புகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் அந்த வரி பேசுவது ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளை மட்டும். சுவரில் வரைந்த ஓவியம் காட்சியில் வந்தால் அந்த வரியைக் காட்டலாம், டீக்கடைப் பாட்டுக்கு அது குடை பிடிக்காது. நடப்புச் செய்திகளைத் தெரிவிப்பதற்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்ற விலக்கு தனியாக இருக்கிறது. ஊர்வலத்தைச் செய்தியாக எடுத்தவருக்கு அது உதவலாம், பாத்திரக்கடைப் பேட்டிக்கு உதவுமா என்பது சந்தேகம். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு தற்செயலாகப் பதிவாகும் இசைக்கும் இடம் தருகிறது. வேண்டுமென்றே சேர்த்த இசையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2007இல் ஸ்டெஃபனி லென்ஸ் என்ற தாய், தன் குழந்தை சமையலறையில் ஆடும் 29 நொடி வீடியோவை யூடியூபில் போட்டார். பின்னால் பிரின்ஸின் பாட்டு ஒன்று தெளிவில்லாமல் ஒலித்தது. யுனிவர்சல் இசை நிறுவனம் வீடியோவை எடுக்கச் சொன்னது. லென்ஸ் வழக்குப் போட்டார். நீக்கச் சொல்லும் முன், அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கு சமரசத்தில் முடியும்போது 2018 ஆகிவிட்டது. 29 நொடிக்காகப் பதினோரு வருடம் வழக்காட எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் இந்தத் தொல்லையைப் படம் எடுக்கும் இடத்திலேயே தடுப்பது நல்லது.

முதல் வழி சாதாரணமானது. “அண்ணே, அஞ்சு நிமிஷம் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, பேட்டி எடுக்கிறோம்” என்று டீக்கடைக்காரரிடம் கேட்பது. பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். கோயில் விழா ஒலிபெருக்கியிடம் இது நடக்காது, அங்கே மைக்தான் கதி. பேசுபவரிடமிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஃபோனுக்கு அவர் குரலும் எதிர்க்கடைப் பாட்டும் போட்டி போட்டுக்கொண்டு வந்து சேரும். சட்டையில் குத்தும் காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 160 சென்டிமீட்டர் 80ஆகி, 40ஆகி, 20ஆகும்போது மொத்தம் 18 டெசிபல் கூடிவிடுகிறது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் டீக்கடைப் பாட்டோ இருந்த அளவிலேயே இருக்கும். குரலோடு ஒப்பிட்டால் பாட்டு அந்த அளவுக்குக் கீழே போய்விடும். பேசுபவர் டீக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றால் அவர் உடம்பும் கொஞ்சம் மறைக்கும். இதனால் கிளைம் வராது என்று அடித்துச் சொல்ல முடியாது, வாய்ப்பு நன்றாகவே குறையும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. சினிமாக்காரர்கள் ஆம்பியன்ஸ் என்று சொல்லும் தெருச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதே தெருவில் பாட்டு ஓடாத நேரத்தில், யாரும் மைக் அருகே பேசாமல், இரண்டு மூன்று நிமிடம் போதும். சைக்கிள் மணி, பாத்திரம் உரசும் ஓசை, வியாபாரிகளின் கூவல் எல்லாம் அதில் இருக்கும். எடிட்டிங்கில், பேச்சு இல்லாத இடங்களில் கேமரா ஒலியை வெட்டிவிட்டு இந்த ஆம்பியன்ஸை வைக்கலாம். பேச்சும் பாட்டும் சேர்ந்து வரும் இடங்களில் காலர் மைக் ஒலியை மட்டும் வைத்து, அடியில் இதை ஓட விடலாம். அப்போது மிச்சமிருக்கும் பாட்டின் புள்ளிகளையும் தெருச் சத்தம் ஓரளவு மூடும். பார்ப்பவருக்குத் தெரு தெருவாகவே கேட்கும், அதே இடத்தின் சத்தம்தானே.

வீடியோவை முதலில் Private என்று வைத்து ஏற்றுவது நல்லது. ஏற்றும்போது Checks என்ற கட்டத்தில் யூடியூபே ஒலியைச் சோதித்துச் சொல்லும். அங்கே 4:10 முதல் 4:52 வரை சிக்கல் என்று வந்தால், யாரும் பார்ப்பதற்கு முன்பே எடிட்டிங்குக்குத் திரும்பி அந்த 42 நொடியைச் சரிசெய்து புதிய பிரதியை ஏற்றலாம். சோதனை முடியும் முன் அவசரப்பட்டு வெளியிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும், புதிதாக ஏற்றினால் முகவரி மாறும், பார்வைகளும் கருத்துகளும் பழையதோடு நின்றுவிடும். இந்தச் சோதனையும் முடிந்த முடிவல்ல. ஒரு கம்பெனி பிற்பாடு தன் பதிவைக் கிடங்கில் சேர்த்தால் பழைய வீடியோவுக்கும் கிளைம் வரலாம்.

வெளியிட்ட பிறகு கிளைம் வந்தால், யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே சில வழிகள் உண்டு. அந்தத் துண்டை வெட்டலாம், வேறு இசையை அதன் மேல் போடலாம், ஒலியை அணைக்கலாம். நம் பாத்திரக்காரர் விஷயத்தில் ஒலியை அணைத்தால் ஈயம் பூசும் விளக்கமே போய்விடும். அதற்கு Erase song என்ற வழி இருக்கிறது, பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நீக்கப் பார்க்கும். எல்லா நேரமும் அது பலிப்பதில்லை. இது கிளைம்தான், ஸ்ட்ரைக் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிளைம் வந்ததாலேயே சேனலுக்கு ஆபத்து கிடையாது. வருமானத்தை எதிர்பார்க்காதவர், வீடியோ முடக்கப்படாத வரை, அதை அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்.

கருவியே தப்பாகக் கேட்கும் சந்தர்ப்பங்கள் வேறு ரகம். காட்டுக் கீரை பறிப்பது பற்றி 2012இல் ஒருவர் போட்ட வீடியோவில் இருந்தது பறவைகளின் சத்தம் மட்டும்தான். அதை ரம்பிள்ஃபிஷ் என்ற இசை உரிம நிறுவனத்தின் பதிவு என்று கன்டென்ட் ஐடி சொன்னது. அவர் மறுத்த பிறகும் நிறுவனம் கிளைமை உறுதிசெய்தது, விஷயம் பரவிய பின் தவறை ஒப்புக்கொண்டு விலகியது. நம் ஊர்த் தெருவில் இதற்கு ஈடானது நாதஸ்வரம். சாமி புறப்பாட்டில் கலைஞர்கள் வாசிக்கும் தியாகராஜர் கீர்த்தனையை, அதே கீர்த்தனையின் கேசட் பதிவு என்று கருவி எடுத்துக்கொள்ளலாம். தியாகராஜர் மறைந்தது 1847இல், அவர் மெட்டு யாருக்கும் தனிச் சொத்தல்ல. வாசிப்பவர்கள் கண்முன் வாசிக்கிறார்கள், கேசட் எங்கும் ஓடவில்லை. இங்கே தைரியமாக Dispute செய்யலாம். அதே கலைஞர்கள் அடுத்து ஒரு சினிமாப் பாட்டை வாசித்து, அதற்கு மெட்டின் பேரில் கிளைம் வந்தால் கதை வேறு. வாசிப்பு நேரடி என்றாலும் மெட்டுக்கு உரிமையாளர் உண்டு. எந்த நிமிடத்தில் எதற்காகக் கிளைம் என்று அந்தப் பகுதியைப் போட்டுக் கேட்ட பிறகே மறுப்பு எழுத வேண்டும்.

மறுப்பில் கோபம் வேண்டாம். இன்ன ஊர், இன்ன விழா, இன்ன நிமிடத்தில் கேட்பது மேடையில்லாமல் தெருவில் வாசித்த நேரடி இசை, இயற்றியவர் இன்னார், மறைந்த ஆண்டு இது என்று நாலு வரி போதும். கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பதில் சொல்லக் கிளைம் போட்டவருக்கு 30 நாள் உண்டு, சொல்லாவிட்டால் கிளைம் தானாக விலகும். அவர் விடாப்பிடியாக இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல அவருக்கு 7 நாள். ஆபத்து இந்தக் கட்டத்தில்தான். அவர் வீடியோவை நீக்கக் கோரி, அது ஏற்கப்பட்டால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும், 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். நாதஸ்வரத்துக்காக அந்த அளவுக்குப் போகலாம், டீக்கடைப் பாட்டுக்காகப் போக வேண்டியதில்லை. மறுப்பதாக முடிவு செய்தவர், விளம்பர வருமானம் உள்ள சேனலாக இருந்தால், கிளைம் வந்த 5 நாளுக்குள் மறுப்பதே நல்லது. அப்படிச் செய்தால் கிளைம் விழுந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் தனியாக எடுத்து வைத்து, முடிவு தெரிந்த பின் உரியவரிடம் தரும். ஆறாம் நாள் மறுத்தால், மறுத்த நாளிலிருந்துதான் எடுத்து வைக்கும்.