நான்கு சோதனைக் குழாய்கள், ஆறு மதிப்பெண்கள்

“பச்சைத் தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன.” உயிரியல் விடைத்தாள் திருத்துகிற எவரும் இந்த வாக்கியத்தைப் பார்க்காமல் ஒரு கட்டை முடித்திருக்க மாட்டார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் தவறு என்று அடித்துவிடவும் முடியாது, ஏனென்றால் செடி இரவில் சுவாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் பகலிலும் சுவாசிக்கிறது. உயிருள்ள ஒவ்வொரு செல்லும், வேரானாலும் இலையானாலும், எந்நேரமும் சுவாசித்தபடியே இருக்கிறது. மாணவர் இந்த வாக்கியத்தைப் பாடநூலில் இருந்து எடுப்பதில்லை. ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்காதே என்று வீட்டில் சொல்லக் கேட்டதிலிருந்து எடுக்கிறார். (திறந்தவெளியில் ஒரு மரம் இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடு காற்றோடு கலந்து போய்விடும், அதனால் ஆள் மூச்சு முட்டப் போவதில்லை.)

ஒளிச்சேர்க்கையைத் தனியாகவும் சுவாசத்தைத் தனியாகவும் கேட்டால் இந்தக் குழப்பம் வெளியே வராது. மனப்பாடம் செய்த இரண்டு சமன்பாடுகளை எழுதிவிட்டு மாணவர் தப்பித்துக்கொள்வார். இரண்டையும் ஒரே வினாவில் கலந்து கேட்கும்போதுதான் அது பிடிபடும். அப்படிப்பட்ட வினாவுக்கு மாதிரி விடை எழுதுவது வினா எழுதுவதைவிடக் கடினம். அவசரத்தில் எழுதினால் ஆசிரியரின் விடையிலும் அதே குழப்பம் புகுந்துவிடும். ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம்.

நான்கு சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் பைகார்பனேட் நிறங்காட்டி. முதல் மூன்றிலும் ஒரே அளவுள்ள பச்சை இலை ஒவ்வொன்று, திரவத்தைத் தொடாமல் மேலே நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வாய்கள் ரப்பர் அடைப்பானால் மூடப்பட்டுள்ளன. முதல் குழாய் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. இரண்டாவதை அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றியாயிற்று. மூன்றாவதைச் சுற்றி மெல்லிய வலைத்துணி; வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே போகும். நான்காவதில் இலையே இல்லை. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதலாவது ஊதா, இரண்டாவது மஞ்சள். மூன்றாவதும் நான்காவதும் தொடக்கத்தில் இருந்த சிவப்பு நிறத்திலேயே இருக்கின்றன.

வினாக்கள் நான்கு. முதல் குழாய் ஏன் ஊதா ஆனது? (2) இரண்டாவது ஏன் மஞ்சள் ஆனது? (1) மூன்றாவதில் நிறம் ஏன் மாறவில்லை? (2) நான்காவது குழாய் எதற்கு? (1)

ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தபடி எழுதப்படும் விடைக்குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “முதலாவதில் ஒளிச்சேர்க்கை நடப்பதால் ஊதா. இரண்டாவதில் சுவாசம் நடப்பதால் மஞ்சள். மூன்றாவதில் இரண்டும் சமம். நான்காவது கட்டுப்பாட்டுச் சோதனை.” படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் வாக்கியம் முதல் குழாயில் சுவாசம் நடக்கவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. நாம் திருத்த வந்த தவறே விடைக்குறிப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதை வைத்துத் திருத்தினால் “பகலில் ஒளிச்சேர்க்கை மட்டும்” என்று நம்பும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த நிறங்காட்டி எதைக் காட்டுகிறது என்பதில் இருந்து தொடங்கினால் விடை ஒழுங்காக வரும். அது காட்டுவது கார்பன் டை ஆக்சைடின் அளவை மட்டும்தான். அந்த வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. வெளிக்காற்றில் இருக்கும் அளவுக்குச் சிவப்பு, அதைவிடக் கூடினால் மஞ்சள், குறைந்தால் ஊதா. ஆக்சிஜனுக்கும் இந்த நிறமாற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனவே “ஆக்சிஜன் வெளிவந்ததால் ஊதா” என்ற விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பதை விடைக்குறிப்பில் எழுதியே வைக்க வேண்டும். ஆக்சிஜன் வெளிவந்தது உண்மைதான். ஆனால் நிறம் மாறியதற்கு அது காரணம் இல்லை. எழுதி வைக்காவிட்டால், “சரியான தகவல்தானே” என்று ஒருவர் மதிப்பெண் போடுவார், இன்னொருவர் போடமாட்டார்.

இப்போது முதல் வினாவின் விடையை இரண்டாகப் பிரிக்கலாம். குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது என்பதற்கு ஒரு மதிப்பெண். ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசத்தின் வேகத்தைவிட அதிகம் என்பதற்கு ஒரு மதிப்பெண். “ஒளிச்சேர்க்கை நடந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டது” என்று மட்டும் எழுதியவருக்கு ஒன்றுதான். இது கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் வினாவுக்கு 2 மதிப்பெண் வைத்ததே அந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

இரண்டாவது எளிது. வெளிச்சம் இல்லாததால் ஒளிச்சேர்க்கை இல்லை. சுவாசத்தில் வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிட்டது. “சுவாசம் தொடங்கியது” என்று எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. தொடங்கவில்லை, முன்பே நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது குழாய்தான் இந்த வினாவின் உயிர். “எதுவும் நடக்கவில்லை, அதனால் நிறம் மாறவில்லை” என்றே பலருக்குத் தோன்றும். இலையே இல்லாத நான்காவது குழாயும் அதே நிறத்தில் இருப்பதால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும். இரண்டும் ஒரே நிறம்தான், காரணம் மட்டும் வேறு. நான்காவதில் வாயுப் பரிமாற்றமே இல்லை. மூன்றாவதில் இலை சுவாசித்து வெளியிடும் அளவை அதே இலை ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறது. இந்த வெளிச்ச அளவுக்குத்தான் ஈடுசெய் புள்ளி என்று பெயர். மாதிரி விடை: “ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் நடக்கின்றன (1). இரண்டின் வேகமும் சமம் என்பதால் கார்பன் டை ஆக்சைடின் அளவு மாறவில்லை (1).”

இதோடு நிறுத்தினால் போதாது. மாணவர்கள் இதே சொற்களில் எழுதப் போவதில்லை. “விட்டதையே திரும்ப எடுத்துக்கிச்சு” என்று பேச்சுநடையில் ஒருவர் எழுதுவார். எந்த நிகழ்வில் விட்டது, எந்த நிகழ்வில் எடுத்தது என்று சொல்லியிருந்தால் முழு மதிப்பெண்ணும் தரலாம். “ஈடுசெய் புள்ளி” என்ற சொல்லை மட்டும் எழுதியவருக்கு ஒன்று. “வெளிச்சம் போதாததால் ஒளிச்சேர்க்கை நடக்கவில்லை” என்றால் பூஜ்யம். அப்படியானால் இந்தக் குழாயும் மஞ்சளாகத்தான் மாறியிருக்கும்.

நான்காவது வினாவுக்கு “கட்டுப்பாட்டுச் சோதனை” என்ற பெயர் மட்டும் போதாது. நிறமாற்றம் இலையால்தான் ஏற்பட்டது, குழாயாலோ நிறங்காட்டியாலோ அல்ல என்று காட்டுவதற்கு என்ற பயன் வேண்டும். “எதற்கு” என்றுதானே கேட்டிருக்கிறோம்!

வினா எழுதுபவர் இந்தச் சோதனையைத் தானே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. எத்தனை மடிப்பு வலைத்துணி சுற்றினால் நிறம் அப்படியே நிற்கும் என்பது இலைக்கு இலை மாறும். விளக்கைக் கிட்டே வைத்தால் சூடு ஏறும், சுவாசமும் வேகமெடுக்கும். நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் சூட்டைத் தடுக்கலாம். நிறங்காட்டியைக் குனிந்து பார்க்கும்போது அதன்மேல் மூச்சு விட்டாலே மஞ்சளாகத் தொடங்கிவிடும்.

கணக்கு வடிவிலும் இதே கருத்தைக் கேட்கலாம். ஒரு செடி வெளிச்சத்தில் மணிக்கு 8 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியில் இருந்து எடுக்கிறது. அதே வெப்பநிலையில் இருட்டில் மணிக்கு 2 மில்லிகிராம் வெளியிடுகிறது. சுவாசத்தின் வேகம் இரண்டு நிலையிலும் ஒன்றே எனக் கொண்டால், ஒளிச்சேர்க்கைக்கு மணிக்கு எவ்வளவு பயன்பட்டது? (2)

விடை 10 மில்லிகிராம். சம்பளத்தில் செலவு போக மிச்சம் 8 ஆயிரம், செலவு 2 ஆயிரம் என்றால் சம்பளம் எவ்வளவு என்பது போன்ற கணக்குத்தான். வெளியில் இருந்து வந்த 8 போக, இலை தன் சுவாசத்தில் உண்டான 2-ஐயும் உள்ளேயே பயன்படுத்திக்கொண்டது. இங்கே தவறான விடைகள்தாம் சுவாரசியம். 8 என்று எழுதியவர் பகலில் சுவாசம் இல்லை என்று நினைக்கிறார். 6 என்று எழுதியவர் சுவாசம் உண்டு என்று தெரிந்திருந்தும் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார். முன்னவருக்குப் பூஜ்யம், பின்னவர் 8 – 2 என்று வழியைக் காட்டியிருந்தால் ஒன்று தரலாம் என்பது என் கருத்து. யாரும் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் திருத்தத் தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுத்துக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். “சுவாசத்தின் வேகம் ஒன்றே எனக் கொண்டால்” என்ற சொற்களையும் விட்டுவிடக் கூடாது. உண்மையான இலையில் வெளிச்சத்தில் அந்த வேகம் இருட்டில் இருப்பதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

குறுவினாக்களில் அடிக்கடி தகராறு வரும் இடம் இன்னொன்று உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதாக ஆக்சிகரணம் அடைந்தால் எத்தனை ஏடிபி? பாடநூலுக்குப் பாடநூல் 36 என்றும் 38 என்றும் இருக்கிறது. இன்றைய உயிர்வேதியியல் நூல்கள் 30 முதல் 32 வரை என்கின்றன. மேல்வகுப்பு நூலையும் புரட்டிய மாணவர் 32 என்று எழுதினால் என்ன செய்வது? என்னைக் கேட்டால் இந்த எண்ணைக் கேட்காமலே விடலாம். கேட்டே தீர வேண்டுமென்றால், “உங்கள் பாடநூலின்படி” என்ற இரு சொற்களை வினாவில் சேர்த்துவிட்டால் சண்டை தீர்ந்தது.

இவ்வளவும் எழுதிய பிறகு விடைக்குறிப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தாறு விடைத்தாள்களின் நகலை எடுத்து இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசாமல் தனித்தனியாகத் திருத்த வேண்டும். எந்த வினாவில் இருவரின் மதிப்பெண்ணும் வேறுபடுகிறதோ, அங்கே விடைக்குறிப்பில் ஒரு முடிவு விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது மூன்றாவது குழாயாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு மிச்சக் கட்டைத் தொடலாம்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதுபோன்ற வினாவில் ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் எதற்காகக் குறைந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒழுங்காக எழுதிய விடைக்குறிப்பு அவர் கையில் இருந்தால், எந்த வாக்கியம் விடுபட்டது என்பதை அவரால் அங்கேயே விரல் வைத்துக் காட்ட முடியும்.